ஆப்ஷன் பட்டியலும் காலாவதி நாள் விலை நிலைகளும்

ஆப்ஷன் பட்டியல் என்பது ஒரு பங்கின் மீதோ பங்குச் சந்தைக் குறியீட்டெண்ணின் மீதோ வணிகமாகும் ஆப்ஷன் ஒப்பந்தங்களை ஸ்ட்ரைக் விலை வாரியாக அடுக்கித் தரும் அட்டவணை ஆகும். இதில் ஒவ்வொரு ஸ்ட்ரைக் விலையிலும் இன்னும் முடிக்கப்படாமல் நிலுவையில் இருக்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை காட்டப்படும். இது திறந்த ஒப்பந்த எண்ணிக்கை அல்லது ஓப்பன் இன்ட்ரஸ்ட் எனப்படுகிறது. இவ்வெண்ணிக்கை மிகுந்துள்ள இடங்களைக் கொண்டு, காலாவதி நாளை ஒட்டி விலை எங்கே தாங்கப்படலாம் (ஆதரவு நிலை), எங்கே தடுக்கப்படலாம் (தடை நிலை), எந்த ஸ்ட்ரைக் விலையை ஒட்டி நின்றுவிடலாம் (பின்னிங்) என ஊகிக்கும் வழக்கம் வணிகர்களிடையே உள்ளது.

இக்கட்டுரை இந்தியத் தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி 50 குறியீட்டெண் ஆப்ஷன்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது. இம்முறையின் அடிப்படைச் சிக்கல் ஒன்றே. ஓர் இடத்தில் எத்தனை ஒப்பந்தங்கள் உள்ளன என்பதைப் பட்டியல் காட்டும். அவற்றை வாங்கியவர் யார், விற்றவர் யார் என்பதைக் காட்டாது. ஆனால் விலை அவ்விடத்தில் நிற்குமா, அவ்விடத்தைக் கடந்து பாயுமா என்பது பெரிதும் அதைப் பொறுத்தே அமைகிறது.

== பின்னணி ==

கால் ஆப்ஷன் என்பது குறிப்பிட்ட விலையில் வாங்கும் உரிமையையும், புட் ஆப்ஷன் என்பது குறிப்பிட்ட விலையில் விற்கும் உரிமையையும் தருகிறது. அந்தக் குறிப்பிட்ட விலையே ஸ்ட்ரைக் விலை ஆகும். உரிமையை வாங்குபவர் அதற்கான விலையாகப் பிரீமியம் செலுத்துகிறார். விற்பவர் பிரீமியத்தைப் பெற்றுக்கொண்டு, அதைவிடப் பல மடங்கு பெரிய தொகையை மார்ஜினாக வைக்கிறார்.

நிஃப்டி ஆப்ஷன்கள் 2001 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிமுகப்படுத்தப்பட்டன. வாரந்தோறும் காலாவதியாகும் நிஃப்டி ஒப்பந்தங்கள் 2019 பெப்ரவரியில் வந்தன. நீண்ட காலமாக வியாழக்கிழமையாக இருந்த காலாவதி நாள், 2025 செப்டம்பர் முதல் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றப்பட்டது. வார ஒப்பந்தங்களுக்கும் மாத ஒப்பந்தங்களுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் உள்ளன. ஒரு காலாவதி நாளைப் பற்றி ஊகிக்க அந்நாளுக்குரிய பட்டியலையே பார்க்க வேண்டும்.

தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் பட்டியலின் நடுவில் `STRIKE` என்ற நிரல் இருக்கும். அதன் இடப்பக்கம் கால்களும் வலப்பக்கம் புட்களும் காட்டப்படும். `OI` என்பது திறந்த ஒப்பந்த எண்ணிக்கை. `CHNG IN OI` என்பது முந்தைய வணிக நாளின் இறுதியோடு ஒப்பிட்ட மாற்றம். `VOLUME` என்பது அன்று கைமாறிய ஒப்பந்தங்கள். `LTP` என்பது கடைசியாக வணிகமான பிரீமியம்.

== திறந்த ஒப்பந்தங்கள் உருவாகும் விதம் ==

வணிக அளவும் திறந்த ஒப்பந்த எண்ணிக்கையும் வெவ்வேறானவை. ஒருவர் புதிதாக ஒரு கால் ஆப்ஷனை விற்க, மற்றொருவர் புதிதாக அதை வாங்கினால் திறந்த ஒப்பந்தம் ஒன்று கூடும். வாங்கியவர் தம்மிடமுள்ளதை மூன்றாமவருக்கு விற்றால் ஒப்பந்தம் கைமாறுகிறதே தவிர எண்ணிக்கை மாறாது. அந்த மூன்றாமவர் அதை முதலில் விற்றவருக்கே திரும்ப விற்றால் இருவருடைய நிலையும் முடிந்து, எண்ணிக்கை ஒன்று குறையும். இம்மூன்று நிகழ்வுகளிலும் வணிக அளவு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வந்து மூன்றாகியிருக்கும். திறந்த ஒப்பந்த எண்ணிக்கையோ சுழியத்திற்குத் திரும்பியிருக்கும்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. ஒவ்வொரு திறந்த ஒப்பந்தத்திற்கும் ஒரு வாங்குபவரும் ஒரு விற்பவரும் உள்ளனர். எனவே "25,000 புட்டில் ஒப்பந்தங்கள் கூடியுள்ளன" என்பது விற்றவர்களின் நம்பிக்கையைக் காட்டும் அளவுக்கே வாங்கியவர்களின் அச்சத்தையும் காட்டுகிறது. வழக்கிலுள்ள வாசிப்பு முறை இதில் விற்றவர்களின் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. விற்பதற்குப் பெரிய மார்ஜின் தேவைப்படுவதால் விற்பவர்கள் பெரும்பாலும் பெருமுதலீட்டாளர்களாகவும் விவரமறிந்தவர்களாகவும் இருப்பர் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். இது ஓர் அனுமானமே. பட்டியலில் இதற்குச் சான்று இல்லை.

== ஆதரவு, தடை நிலைகளை ஊகித்தல் ==

மேற்கண்ட அனுமானத்தின்படி, கால் ஆப்ஷன்கள் மிகுதியாக விற்கப்பட்டுள்ள ஸ்ட்ரைக் தடை நிலையாகவும், புட் ஆப்ஷன்கள் மிகுதியாக விற்கப்பட்டுள்ள ஸ்ட்ரைக் ஆதரவு நிலையாகவும் கொள்ளப்படுகின்றன. கீழே உள்ளது விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட கற்பனைப் பட்டியல். ஒரு திங்கட்கிழமை மாலை நிஃப்டி 25,020 இல் உள்ளதாகவும், மறுநாள் காலாவதி எனவும் கொள்ளப்படுகிறது. நிஃப்டியில் ஸ்ட்ரைக் விலைகள் 50 புள்ளி இடைவெளியில் அமைந்தாலும், எளிமைக்காக 100 புள்ளி இடைவெளியில் ஐந்து மட்டும் தரப்பட்டுள்ளன.

| கால் திறந்த ஒப்பந்தங்கள் (ஆயிரத்தில்) | ஸ்ட்ரைக் விலை | புட் திறந்த ஒப்பந்தங்கள் (ஆயிரத்தில்) |
|---|---|---|
| 10 | 24,800 | 60 |
| 20 | 24,900 | 90 |
| 70 | 25,000 | 80 |
| 80 | 25,100 | 20 |
| 120 | 25,200 | 10 |

புட் பக்கம் மிகப் பெரிய எண் 24,900 இல் உள்ளது. கால் பக்கம் மிகப் பெரிய எண் 25,200 இல் உள்ளது. ஆகவே வழக்கமான வாசிப்பில் 24,900 ஆதரவு, 25,200 தடை ஆகும். 25,000 இல் இரு பக்கமும் ஒப்பந்தங்கள் மிகுந்து, கூட்டுத்தொகை 150 ஆயிரமாக உள்ளது. விலை ஒட்டி நிற்கக்கூடிய இடமாக இதுவே கருதப்படும்.

=== தொலைவுச் சுவர்களின் மயக்கம் ===

இவ்வாறு கண்ட எல்லைகளை அப்படியே ஏற்பதற்கு முன், சந்தை ஏற்கனவே எதிர்பார்க்கும் அசைவை அறிய வேண்டும். நடப்பு விலைக்கு மிக அருகிலுள்ள ஸ்ட்ரைக்கின் கால், புட் பிரீமியங்களைக் கூட்டினால் அதன் தோராயமான அளவு கிடைக்கும். இக்கூட்டு ஸ்ட்ராடில் விலை எனப்படுகிறது. எடுத்துக்காட்டில் 25,000 கால் 85 ரூபாய், புட் 65 ரூபாய் எனக் கொண்டால் ஸ்ட்ராடில் விலை 150 ஆகும். அதாவது காலாவதிக்குள் நிஃப்டி ஏறத்தாழ 24,850 முதல் 25,150 வரையிலான எல்லைக்குள் இருக்கும் என்பது விலைகளிலேயே அடங்கியுள்ள மதிப்பீடு.

தடை நிலையாகக் கண்ட 25,200 இந்த எல்லைக்கு வெளியே உள்ளது. காலாவதியின்போது நிஃப்டி 25,200 ஐத் தொடாமல் போனால், அதற்குக் காரணம் அங்கிருந்த "சுவர்" அல்ல, தொலைவே. தொலைவிலுள்ள ஆப்ஷன்களின் விலை மலிவு. ஆகவே சிறு தொகையில் வாங்குவோரும், சிறு பிரீமியத்தை விற்றுப் பெறுவோரும், வேறொரு நிலைக்குக் காப்பாக வாங்குவோரும் அங்கே கூடுவதால் எண்ணிக்கை இயல்பாகவே பெருகுகிறது. "பெரிய சுவர்கள் பெரும்பாலும் தாங்குகின்றன" என்ற அனுபவக் கூற்றில் பெரும்பகுதி இத்தொலைவால் விளைவதே.

இதைச் சரிசெய்ய டெல்டாவைப் பயன்படுத்தலாம். டெல்டா என்பது குறியீட்டெண் ஒரு புள்ளி அசையும்போது ஆப்ஷன் விலை எவ்வளவு அசையும் என்பதைக் காட்டும் எண். எடுத்துக்காட்டில் 25,200 காலின் டெல்டா ஏறத்தாழ 0.17, 25,000 காலின் டெல்டா ஏறத்தாழ 0.54. எனவே 25,200 இல் உள்ள 120 ஆயிரம் ஒப்பந்தங்கள் சுமார் 20 ஆயிரம் பியூச்சர்ஸ் ஒப்பந்தங்களுக்கே நிகராகும். 25,000 இல் உள்ள 70 ஆயிரமோ சுமார் 38 ஆயிரத்திற்கு நிகராகும். பட்டியலில் சிறியதாகத் தெரிந்த எண், உண்மையான பளுவில் ஏறத்தாழ இரு மடங்காக உள்ளது. இந்தியப் பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியமும் (செபி) 2025 மே மாதச் சுற்றறிக்கையில், திறந்த ஒப்பந்தங்களை எண்ணிக்கையாகக் கூட்டாமல் டெல்டா வழியே பியூச்சர்ஸ் நிகராக அளவிடும் முறையைக் கொண்டுவந்தது.

== மேக்ஸ் பெயின் ==

மேக்ஸ் பெயின் என்பது ஆப்ஷன் வாங்கியவர்கள் அனைவரும் சேர்ந்து பெறும் தொகை மிகக் குறைவாக அமையும் தீர்வு விலை ஆகும். வாங்கியவர்களுக்கு மிகுந்த வலி என்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இதைக் காணும் வாய்பாடு பின்வருமாறு:

```
P(S) = Σ C(K) × max(S − K, 0) + Σ T(K) × max(K − S, 0)
```

இங்கு `S` என்பது ஊகிக்கும் தீர்வு விலை, `K` என்பது ஸ்ட்ரைக் விலை, `C(K)` கால் திறந்த ஒப்பந்தங்கள், `T(K)` புட் திறந்த ஒப்பந்தங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரைக்கையும் தீர்வு விலையாக வைத்துக் கணக்கிட்டு, மிகச் சிறிய `P(S)` தரும் விலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டில் தீர்வு விலை 25,000 எனக் கொள்வோம். 24,800 கால் வைத்திருப்பவர் 200 புள்ளியும் 24,900 கால் வைத்திருப்பவர் 100 புள்ளியும் பெறுவர். நூறு புள்ளியை ஓர் அலகாகக் கொண்டால், கால் பக்கத் தொகை 10 × 2 + 20 × 1 = 40. புட் பக்கம் 25,100 புட்டுக்கு 20 × 1, 25,200 புட்டுக்கு 10 × 2, ஆக 40. மொத்தம் 80. ஏனைய ஸ்ட்ரைக்குகளுக்கும் இவ்வாறே கணக்கிட்டால் பின்வரும் விடைகள் கிடைக்கும்.

| தீர்வு விலை | கால் பக்கம் | புட் பக்கம் | மொத்தம் |
|---|---|---|---|
| 24,800 | 0 | 350 | 350 |
| 24,900 | 10 | 150 | 160 |
| 25,000 | 40 | 40 | 80 |
| 25,100 | 140 | 10 | 150 |
| 25,200 | 320 | 0 | 320 |

மிகச் சிறிய எண் 80 என்பதால் மேக்ஸ் பெயின் 25,000 ஆகும். ஓர் ஒப்பந்தத்தின் அளவு 75 அலகுகள் (2025 இல் நிப்டிக்கு இருந்த அளவு) எனக் கொண்டால், 25,000 இல் தீர்வானால் விற்றவர்கள் தர வேண்டிய தொகை 60 கோடி ரூபாய். 25,200 இல் தீர்வானால் 240 கோடி ரூபாய்.

இந்த வேறுபாட்டைக் கண்டு, விற்றவர்கள் ஒன்றுகூடி விலையை மேக்ஸ் பெயினுக்கு இழுத்துச் செல்வர் என்று கூறுவது உண்டு. ஆனால் விற்றவர்கள் ஒரே அணியினர் அல்லர். 24,900 புட்டை விற்றவருக்கும் 25,200 காலை விற்றவருக்கும் விருப்பங்கள் வேறு. மேலும் இக்கணக்கு பெற்ற பிரீமியத்தையும், விற்றவர் வேறிடத்தில் வாங்கி வைத்துள்ள காப்புகளையும் கருத்தில் கொள்வதில்லை. ஆகவே மேக்ஸ் பெயினைத் திறந்த ஒப்பந்தங்களின் எடை மையமாகக் கொள்வதே பொருத்தம்.

அட்டவணையின் வளைவையும் நோக்க வேண்டும். இங்கே மையத்திலிருந்து இரு பக்கமும் தொகை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இரண்டு மூன்று ஸ்ட்ரைக்குகளின் தொகைகள் அருகருகே இருந்தால், சில ஆயிரம் ஒப்பந்தங்கள் மாறினாலே மேக்ஸ் பெயின் இடம் மாறிவிடும். அத்தகைய நாளில் அவ்வெண்ணுக்குப் பொருள் இல்லை.

== விலை ஒட்டி நிற்பதன் காரணம் ==

பின்னிங்குக்கு உண்மையான காரணமாகக் கருதப்படுவது இடர்காப்புச் செய்வோரின் வணிகம். சந்தை உருவாக்குநர்கள் ஆப்ஷனை வாங்கியோ விற்றோ இலாபம் ஈட்டுகின்றனர். விலை ஏறுமா இறங்குமா என்பதில் அவர்கள் பந்தயம் கட்டுவதில்லை. ஆகவே தம் ஆப்ஷன்களின் டெல்டாவுக்கு எதிராகப் பங்கையோ பியூச்சர்சையோ வாங்கி விற்றுச் சமன் செய்துகொண்டே இருப்பர்.

இவர்கள் 25,000 ஸ்ட்ரைக்கில் நிகரமாக ஆப்ஷன்களை *வாங்கி* வைத்திருப்பதாகக் கொள்வோம். குறியீட்டெண் 25,000 ஐத் தாண்டி ஏறினால் அவர்களது நிலையின் டெல்டா கூடுகிறது; சமன் செய்ய அவர்கள் விற்கின்றனர். 25,000 க்குக் கீழே இறங்கினால் டெல்டா குறைகிறது, அவர்கள் வாங்குகின்றனர். ஏறும்போது விற்பனையும் இறங்கும்போது கொள்முதலும் நிகழ்வதால் விலை 25,000 ஐ நோக்கித் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறது.

காலாவதி நெருங்க நெருங்க இவ்விழுப்பு வலுக்கிறது. டெல்டா மாறும் வேகம் காமா எனப்படுகிறது. எடுத்துக்காட்டின் ஏற்ற இறக்க அளவில், காலாவதிக்கு ஐந்து வணிக நாட்கள் இருக்கும்போது நிஃப்டி 25,000 இலிருந்து 30 புள்ளி ஏறினால் 25,000 காலின் டெல்டா 0.50 இலிருந்து சுமார் 0.53 ஆகும். கடைசி ஒரு மணி நேரத்தில் அதே 30 புள்ளி டெல்டாவைச் சுமார் 0.65 ஆக்கிவிடும். அசைவு ஒன்றே, சமன் செய்யத் தேவைப்படும் வணிகமோ ஐந்து மடங்கு. பின்னிங் பற்றிய பேச்சு காலாவதி நாளோடு இணைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

இடர்காப்புச் செய்வோர் அதே ஸ்ட்ரைக்கில் நிகரமாக ஆப்ஷன்களை *விற்று* வைத்திருந்தால் எல்லாம் தலைகீழாகும். விலை ஏறினால் அவர்கள் வாங்க வேண்டும். இறங்கினால் விற்க வேண்டும். இது அசைவுக்கு எதிராக நிற்பதற்குப் பதில் அசைவைத் தூண்டுகிறது. அப்போது 25,000 காந்தமாக இராமல், விலை அதை விட்டு விலகி ஓடும் இடமாகிறது. இவ்விரு நிலைகளிலும் பட்டியலில் தெரியும் திறந்த ஒப்பந்த எண் ஒன்றாகவே இருக்கும்.

== காலாவதி நாளில் மாற்றங்களை வாசித்தல் ==

நிலைத்த எண்ணைவிட அன்றைய மாற்றமே கூடுதல் செய்தியைத் தருகிறது. திறந்த ஒப்பந்த மாற்றத்தைப் பிரீமியத்தின் அசைவோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

* பிரீமியம் குறைந்து ஒப்பந்தங்கள் கூடினால், விற்பவர்கள் முந்திக்கொண்டு புதிதாக விற்கின்றனர்.
* பிரீமியம் ஏறி ஒப்பந்தங்கள் கூடினால், வாங்குபவர்கள் முந்திக்கொண்டு புதிதாக வாங்குகின்றனர்.
* பிரீமியம் ஏறி ஒப்பந்தங்கள் குறைந்தால், முன்பு விற்றவர்கள் நட்டத்தோடு திரும்ப வாங்கி வெளியேறுகின்றனர்.
* பிரீமியம் குறைந்து ஒப்பந்தங்கள் குறைந்தால், முன்பு வாங்கியவர்கள் விட்டு வெளியேறுகின்றனர்.

காலாவதி நாளில் நேரம் கரைவதாலேயே பிரீமியம் குறையும். ஆதலால் முதல் வகையை வலுவான சான்றாகக் கொள்ளக்கூடாது. மூன்றாம் வகை நேரத்தின் ஓட்டத்திற்கு எதிராக நிகழ்வது. ஆகவே அதுவே தெளிவான குறி.

முந்தைய எடுத்துக்காட்டின் செவ்வாய்க்கிழமை இரு வழிகளில் செல்லலாம். முதல் வழியில் நிஃப்டி நண்பகல் வரை 24,980 க்கும் 25,040 க்கும் இடையே ஊசலாடுகிறது. 25,000 கால் 70 ஆயிரத்திலிருந்து 140 ஆயிரமாகவும் புட் 80 ஆயிரத்திலிருந்து 150 ஆயிரமாகவும் கூடுகின்றன. ஸ்ட்ராடில் விலை 150 இலிருந்து 95 ஆகக் குறைகிறது. இருபக்க எண்களும் ஒருசேரக் கூடுவதும், பிரீமியம் நேரக் கரைவைவிடச் சற்று விரைவாகக் குறைவதும், ஒவ்வொரு விலகலும் சில நிமிடங்களில் திரும்புவதும் பின்னிங்குக்கு ஆதரவான அறிகுறிகள். இவற்றுள் மூன்றாவதே முதன்மையானது. இடர்காப்பு வணிகம் எத்திசையில் நடக்கிறது என்பதை விலையின் நடத்தையே காட்டுகிறது.

இரண்டாம் வழியில் பதினொரு மணிக்கு நிஃப்டி 24,930 க்கு இறங்குகிறது. ஆதரவு எனக் கருதப்பட்ட 24,900 புட்டின் பிரீமியம் 30 ரூபாயிலிருந்து 55 ரூபாயாக ஏறுகிறது. அதன் திறந்த ஒப்பந்தங்கள் 90 ஆயிரத்திலிருந்து 55 ஆயிரமாகக் குறைகின்றன. அதேவேளை 25,000 கால் 70 ஆயிரத்திலிருந்து 130 ஆயிரமாகக் கூடுகிறது. விலை இன்னும் 24,900 ஐத் தொடவில்லை. எனினும் அதைத் தாங்க வேண்டியவர்கள் ஏற்கனவே வெளியேறத் தொடங்கிவிட்டனர். முன்பு மையமாக இருந்த 25,000 இப்போது தடை நிலையாக மாறிவருகிறது. காலையில் பார்த்த பட்டியலை நம்பி 24,900 இல் வாங்கக் காத்திருப்பவர் இல்லாத சுவரின் மேல் சாய்கிறார்.

இப்போக்கு மற்ற ஸ்ட்ரைக்குகளிலும் தொடர்ந்தால் மாலைக்குள் மேக்ஸ் பெயினும் 24,900 க்கு இறங்கிவிடும். நாள் முடிவில் பட்டியலைப் பார்ப்பவருக்கு நிஃப்டி மேக்ஸ் பெயினில் முடிந்ததாகவே தோன்றும். உண்மையில் விலை மேக்ஸ் பெயினைத் தேடிச் செல்லவில்லை. மேக்ஸ் பெயினே விலையைப் பின்தொடர்ந்தது. இம்முறையைச் சோதிப்பவர்கள் முந்தைய நாள் இறுதியில் கணக்கிட்ட எண்ணையே தீர்வு விலையோடு ஒப்பிட வேண்டும்.

== தீர்வு விலை ==

ஒட்டி நிற்கும் விலை எது என்பதிலும் கவனம் தேவை. 2025 இல் நடைமுறையிலிருந்த முறைப்படி, நிஃப்டி ஆப்ஷன்கள் காலாவதி நாளின் கடைசிக் கணத்து விலையில் தீர்க்கப்படவில்லை. குறியீட்டெண்ணில் உள்ள பங்குகளின் கடைசி அரைமணி நேர எடையிட்ட சராசரி விலைகளைக் கொண்டு கணக்கிட்ட இறுதி மதிப்பிலேயே தீர்க்கப்பட்டன.

இதை எளிமையாக நேரச் சராசரி எனக் கொண்டு பார்க்கலாம். பிற்பகல் 3.00 முதல் 3.25 வரை நிஃப்டி சராசரியாக 24,990 இல் இருந்து, கடைசி ஐந்து நிமிடம் 25,030 இல் நின்றால், சராசரி ஏறத்தாழ 24,997 ஆகும். திரையில் 25,030 தெரிந்தாலும் 25,000 கால் மதிப்பின்றி முடியும். கடைசி நிமிடங்களில் "30 புள்ளி உள்ளே" இருப்பதாக எண்ணி அதை வாங்கியவர் முழுப் பிரீமியத்தையும் இழப்பார். சராசரி ஏற்கனவே பெருமளவு உறுதியாகிவிடுவதால், இந்த அரைமணி நேரத்தில் இடர்காப்பு வணிகத்தின் தேவையும் படிப்படியாகக் குறைகிறது.

தனிப் பங்கு ஆப்ஷன்களின் நிலை வேறு. 2019 அக்டோபர் முதல் அவை அனைத்தும் பங்குகளை உண்மையாக ஒப்படைத்துத் தீர்க்கப்படுகின்றன. ஸ்ட்ரைக்கை ஒட்டி விலை முடியும்போது, பங்கை முழு விலைக்கு வாங்கவோ ஒப்படைக்கவோ வேண்டிய பொறுப்பு தம்மீது விழுமா என்பதை விற்றவர் கடைசி வரை அறிய முடியாது.

== ஆய்வுச் சான்றுகளும் வரம்புகளும் ==

பின்னிங் வெறும் நம்பிக்கை அன்று. நீ, பியர்சன், போட்டெஷ்மன் ஆகியோர் 2005 இல் வெளியிட்ட ஆய்வு, ஆப்ஷன் வணிகம் உள்ள அமெரிக்கப் பங்குகளின் விலைகள் காலாவதி நாளில் ஸ்ட்ரைக் விலைகளை ஒட்டிக் குவிவதைக் காட்டியது. ஆப்ஷன் இல்லாத பங்குகளில் இக்குவிதல் காணப்படவில்லை. இடர்காப்பு வணிகத்தால் இது எவ்வாறு உருவாகும் என்பதற்கான கணித மாதிரியை அவெல்லனேடா, லிப்கின் ஆகியோர் 2003 இல் தந்திருந்தனர்.

ஆயினும் விளைவின் அளவு சிறியது. 2005 ஆம் ஆண்டு ஆய்வின்படி காலாவதி நாளில் பங்குகளின் ஈட்டம் சராசரியாகக் குறைந்தது 0.165 விழுக்காடு மாற்றமடைந்தது. ஆயிரம் ரூபாய்ப் பங்கில் இது 1 ரூபாய் 65 காசு. மேலும் இச்சான்று தனிப் பங்குகளுக்குரியது. ஐம்பது பங்குகளைக் கொண்ட குறியீட்டெண்ணை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க மிகப் பெரிய வணிகம் தேவை. தேர்தல் முடிவு, வட்டி விகித அறிவிப்பு, அயல்நாட்டுச் சந்தைச் சரிவு போன்ற செய்தி வரும் நாளில் எந்தச் சுவரும் பொருட்டல்ல.

பட்டியல் ஆளைக் காட்டாது என்பதன் விளைவை 2025 ஜூலை 3 அன்று செபி ஜேன் ஸ்ட்ரீட் குழுமத்திற்கு எதிராகப் பிறப்பித்த இடைக்கால ஆணையில் காணலாம். 2024 ஜனவரி 17 அன்று காலையில் அக்குழுமம் பேங்க் நிஃப்டிப் பங்குகளையும் பியூச்சர்சையும் வாங்கிக் குறியீட்டெண்ணை உயர்த்தியதாகவும், அதேவேளை மிகப் பெரிய அளவில் கால்களை விற்றுப் புட்களை வாங்கியதாகவும், பின்னர் வாங்கிய பங்குகளை விற்றதாகவும் ஆணை குற்றஞ்சாட்டியது. குழுமம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீடு செய்தது. ஆணை கூறும் நிகழ்வுகளை அப்படியே ஏற்றுக்கொண்டால், அன்று காலை பட்டியலைப் பார்த்தவருக்குக் குறியீட்டெண் ஏறுவதும் புட் ஒப்பந்தங்கள் கூடுவதும் தெரிந்திருக்கும். வழக்கமான வாசிப்பு இதை "ஆதரவு வலுக்கிறது" என்றே கொள்ளும். ஆனால் அப்புட்களில் பெரும்பகுதியை வைத்திருந்தவர் வீழ்ச்சியை எதிர்நோக்கிய வாங்குபவர்.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு சார்ந்த பியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். திறந்த ஒப்பந்தங்களின் பட்டியல் அனைவருக்கும் ஒரே நேரத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே அதிலுள்ள எளிய செய்திகள் ஆப்ஷன் விலைகளில் ஏற்கனவே அடங்கியிருக்கும். எங்கே நெருக்கம் உள்ளது, எங்கே விலை கடந்தால் வெளியேற்றம் தொடங்கும் என்பதை அறிய இப்பட்டியல் பயன்படும். விலை அங்கே நிற்கும் என்பதற்கு அது உறுதி தருவதில்லை.

== இவற்றையும் பார்க்க ==

* நிஃப்டி 50
* பியூச்சர்ஸ் ஒப்பந்தம்
* இடர்காப்பு
* இந்தியப் பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியம்